காலியாகத் தெரிந்த புத்தகப் பட்டியல்: இலவச லிமிட் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நான் ஒரு சின்ன வலைச்செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன, எந்த அலமாரியில் இருக்கின்றன, யார் எடுத்துப் போயிருக்கிறார் என்பதை உறுப்பினர்கள் கைபேசியிலேயே பார்க்கலாம். தரவு முழுவதும் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் உள்ள ஃபயர்ஸ்டோர் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. படிப்பகம் நன்கொடையில் ஓடுவது, கட்டணம் கட்ட யாரிடமும் கார்டு இல்லை. அதனால் ஃபயர்பேஸின் இலவசத் திட்டமான ஸ்பார்க்கில்தான் வைத்திருந்தோம். பல மாதங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, காலை 11:10 மணி. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, புக்கு லிஸ்ட் எல்லாமே போயிருச்சுப்பா. ஒண்ணுகூட இல்லன்னு காட்டுது. யாராவது அழிச்சுட்டாங்களா?”

என் கணினியில் திறந்து பார்த்தேன். பக்கம் வந்தது, உள்நுழைய முடிந்தது, மேலே என் பெயரும் தெரிந்தது. பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் “புத்தகங்கள் இல்லை” என்ற வரி. எனக்கும் ஒரு நிமிடம் வயிறு கலங்கியது. 1,840 புத்தகங்களின் விவரத்தைப் பதிவேட்டிலிருந்து பார்த்துத் தட்டி ஏற்ற மூன்று பேருக்கு இரண்டு மாதம் ஆனது.

எதுவும் அழியவில்லை. அன்றைய இலவச லிமிட் முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில் நான் செய்த சில வேலைகள் நிலைமையைச் சரியாக்க உதவாதவை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் குழப்பம், செயலி பாதி உயிரோடும் பாதி செத்தும் இருந்தது. சர்வர் விழுந்திருந்தால் பக்கமே வந்திருக்காது, இணையம் இல்லை என்றால் உள்நுழைய முடிந்திருக்காது. ஃபயர்பேஸில் பக்கத்தை அனுப்புவது ஒரு சேவை, உள்நுழைவு இன்னொரு சேவை, தரவுத்தளம் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் இலவச அளவு தனித்தனி, முடிந்துபோன சேவை மட்டும்தான் பூட்டப்படும். ஒரு செயலியின் ஒரே ஒரு பகுதி திடீரென வேலை செய்யாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தால், லிமிட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது சொல்லுவேன்.

இரண்டாவது குழப்பம் இன்னும் மோசமானது. அக்காவின் பக்கத்தில் நின்ற ஒரு பையன், “எனக்கு லிஸ்ட் நல்லாத்தானே வருது” என்று தன் கைபேசியைக் காட்டியிருக்கிறான். அவனுக்கு வந்தது முந்தைய நாள் அவன் கைபேசியில் சேமிக்கப்பட்டிருந்த நகல். ஃபயர்ஸ்டோரின் நிரல்தொகுப்பு, சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் தன்னை ஆஃப்லைனில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, கையிருப்பில் உள்ள நகலைக் கொடுத்துவிடும். நகலே இல்லாத கருவியில், காலிப் பட்டியலைக் கொடுக்கும். இரண்டிலும் திரையில் பிழைச் செய்தி வராது. நான் எழுதிய நிரலோ, காலிப் பட்டியல் வந்தால் “புத்தகங்கள் இல்லை” என்று காட்டியது. தரவு இல்லை என்பதும் தரவு வந்து சேரவில்லை என்பதும் என் திரையில் ஒரே மாதிரி தெரிந்தன. இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

உண்மை உலாவியின் கன்சோலில்தான் இருந்தது:

```
FirebaseError: [code=resource-exhausted]: Quota exceeded.
Using maximum backoff delay to prevent overloading the backend.
```

முதல் வரி அளவு தீர்ந்தது என்கிறது. இரண்டாவது வரி, இனி அடிக்கடி முயல மாட்டேன், இடைவெளி விட்டுத்தான் கேட்பேன் என்கிறது.

இதைப் பார்ப்பதற்கு முன் நான் பக்கத்தைப் பலமுறை புதுப்பித்தேன். நிரலை மறுபடி ஏற்றினேன். லிமிட் முடிந்த பிறகு இதெல்லாம் வீண். ஃபயர்பேஸ் கன்சோலில் தரவுப் பக்கத்தைத் திறந்து, புத்தகங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். அப்படிப் பார்ப்பதும் ரீட், அதாவது தரவைப் படிக்கும் கணக்கில்தான் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. பார்க்க வேண்டியது ஃபயர்ஸ்டோரில் உள்ள `Usage` என்ற பக்கத்தை. அதில் ரீட் கோடு 50,000-ஐத் தொட்டு நின்றது. தரவை எழுதுவதைக் காட்டும் ரைட் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

ஸ்பார்க் திட்டத்தில் ஃபயர்ஸ்டோருக்கு ஒரு நாளைக்கு 50,000 ரீட், 20,000 ரைட், 20,000 அழிப்பு. இதில் ரீட் என்பதை முதலில் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒருவர் பக்கத்தை ஒருமுறை திறந்தால் ஒரு ரீட் என்று மேலோட்டமாக நினைத்திருந்தேன். கணக்கு அப்படியில்லை. ஒரு கேள்விக்குப் பதிலாக எத்தனை ஆவணங்கள் வருகின்றனவோ அத்தனை ரீட். எங்களிடம் ஒரு புத்தகத்துக்கு ஓர் ஆவணம். முகப்புப் பக்கம் எல்லாப் புத்தகங்களையும் ஒரே மூச்சில் இழுத்தது. ஆக, ஒருவர் ஒருமுறை திறந்தாலே 1,840 ரீட்.

50,000-ஐ 1,840-ஆல் வகுத்தால் 27-க்குச் சற்று மேல். 27 முறை திறந்தால் 49,680 ரீட் போய்விடும், மீதி 320. அடுத்து வருபவருக்கு அது போதாது. ஒரு நாளைக்கு 27 முறை! ஆரம்பத்தில் 300 புத்தகங்கள் மட்டும் ஏற்றியிருந்தபோது இதே நிரல் 166 முறை தாங்கியது. பயன்படுத்துவோர் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும், புத்தகம் ஏற ஏற ஒவ்வொரு திறப்பின் விலையும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பல மாதம் ஓடிய செயலி ஒரு நாள் காலையில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. பட்டியலை நேரடியாகக் கவனித்துக்கொண்டே இருக்கும் `onSnapshot` முறையைப் பயன்படுத்தியிருந்தேன். ஒருவர் புத்தகம் எடுத்தால் எல்லோர் திரையிலும் உடனே மாற வேண்டும் என்ற ஆசை. இணைப்பு அறுந்து அரை மணிக்கு மேல் ஆகிவிட்டால், திரும்ப இணையும்போது அதைப் புதுக் கேள்வியாகவே ஃபயர்ஸ்டோர் கணக்கு வைக்கும். படிப்பக மேசையில் உள்ள மடிக்கணினி தூங்கி எழும்போதெல்லாம் இன்னொரு 1,840. யாரும் தொடாமலே ரீட் போய்க்கொண்டிருந்தது.

சரி, 27 என்பது சின்ன எண்தான். ஆனால் அன்று காலை 9 மணிக்குத்தான் படிப்பகம் திறந்தது. அக்காவிடம் கேட்டு எண்ணிப் பார்த்தால், 11:10 வரை மடிக்கணினியையும் சேர்த்துப் பத்து முறைதான் பட்டியல் திறக்கப்பட்டிருந்தது. பத்து முறைக்கு 18,400 ரீட். மீதி எங்கே போனது?

விடை கடிகாரத்தில் இருந்தது. ஃபயர்ஸ்டோரின் தினசரி அளவு, அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரப்படி நள்ளிரவை ஒட்டித்தான் புதுப்பிக்கப்படுகிறது. நம் நள்ளிரவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜனவரியில் அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மதியம் 1:30. அதாவது சனிக்கிழமை மதியம் 1:30-க்குத் தொடங்கிய “நாள்”, ஞாயிறு மதியம் 1:30 வரை ஓடும். சனிக்கிழமை மாலை படிப்பகத்தில் கூட்டம் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். அன்று மாலை மட்டும் 17 திறப்புகள். ஞாயிறு காலை பத்து. இரண்டும் ஒரே நாள் கணக்கு. 17-ம் 10-ம் 27.

அந்த நேரத்தை நான் உறுதி செய்துகொண்டது இந்த ஒரு கட்டளையால்:

```
TZ=America/Los_Angeles date
```

நம் நேரம் ஞாயிறு 11:40. திரையில் வந்ததோ சனிக்கிழமை, 22:10. அங்கே இன்னும் சனிக்கிழமையே முடியவில்லை! நள்ளிரவுக்கு இன்னும் ஒரு மணி 50 நிமிடம். அக்காவுக்கு போன் செய்தேன்.

“அக்கா, புத்தகம் எதுவும் அழியல. இன்னைக்கு உள்ள இலவச அளவு தீர்ந்துருச்சு. ஒன்றரை மணிக்குத் தானா வந்துரும். அதுவரைக்கும் நோட்டுல எழுதிக்கோங்க.”

“அப்ப புக்கு எடுத்தத கம்ப்யூட்டர்ல போட முடியாதா? போட்டுப் பாத்தேன், சுத்திக்கிட்டே இருக்கு.”

அவர் கேட்டது நல்ல கேள்வி. தீர்ந்தது ரீட்தான், ரைட் நிறையவே மிச்சம் இருந்தது. அப்படியிருந்தும் புத்தகம் கொடுத்ததைப் பதிய முடியவில்லை. காரணம், இரண்டு பேர் ஒரே பிரதியைப் பதிந்துவிடக் கூடாது என்று, பதிவதற்கு முன் அந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறதா என்பதைப் படித்துப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். அந்தப் படிப்பும் ஒரு ரீட். அது நடக்காததால் பதிவும் நடக்கவில்லை. ஓர் அளவு தீர்ந்தால் அதைச் சார்ந்து நிற்கும் மற்ற வசதிகளும் கூடவே படுத்துவிடும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

1:30 தாண்டிச் சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிட்டது. நாங்கள் எதையும் தொடவில்லை. அதற்குள் நோட்டில் 14 புத்தகங்கள் ஏறியிருந்தன. அக்கா அவற்றைக் கணினியில் பதிந்தார். அன்றே சரிசெய்யாமல் விட்டிருந்தால் மறுநாளும் இதே கதைதான், ஏனென்றால் புதிய 50,000-லும் 27 திறப்புகள்தான் இருக்கின்றன.

பணம் கட்டும் ப்ளேஸ் திட்டத்துக்கு மாறிவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அதிலும் அன்றாட 50,000 இலவச ரீட் தொடரும், தாண்டியதற்கு மட்டும் கட்டணம். எங்கள் அளவுக்கு அது சொற்பமே. ஆனால் ஸ்பார்க் லிமிட் வந்தால் நின்றுவிடும், ப்ளேஸ் நிற்காமல் ஓடும். நிரலில் ஒரு சுழற்சி தவறிப்போய்க் கட்டுக்கடங்காமல் படித்தால் பில்லும் அதன் பின்னாலேயே போகும். பட்ஜெட் எச்சரிக்கை என்று ஒன்று வைக்கலாம், ஆனால் அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர சேவையை நிறுத்தாது. நன்கொடையில் நடக்கும் இடத்துக்கு, இரண்டு மணி நேரம் நோட்டில் எழுதுவது தெரியாத பில்லைவிட நல்லது என்பது என் முடிவு. படிப்பகக் குழுவும் அதையே சொன்னது.

புதிதாக இன்னொரு இலவசக் கணக்கு திறந்து பிழைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. தரவு பழைய இடத்தில் இருக்கிறது, அதை எடுத்துவரவே ரீட் வேண்டும். லிமிட்டை ஏய்க்கக் கணக்கைப் பெருக்குவது அவர்களின் விதிகளுக்கும் எதிரானது. அந்தப் பக்கம் போகவில்லை.

செய்தது இதுதான். புத்தகத் தலைப்பு, ஆசிரியர், அலமாரி எண் ஆகியவை தினமும் மாறுவதில்லை. தினமும் மாறுவது எது வெளியே போயிருக்கிறது என்பது மட்டும். ஆகவே மாறாத விவரங்கள் அத்தனையையும் ஒரே நீளச் சரமாக்கி ஒரே ஆவணத்தில் வைத்தேன். ஒரு புத்தகத்துக்குச் சுமார் 200 பைட், 1,840-க்கு ஏறத்தாழ 360 கே.பி. ஃபயர்ஸ்டோரில் ஓர் ஆவணம் 1 எம்.பி. வரை இருக்கலாம், எனவே 5,000 புத்தகம் வரைக்கும் இந்த ஏற்பாடு தாங்கும். வெளியே போன புத்தகங்களை மட்டும் தனியாகக் கேட்கிறேன். அவை வழக்கமாக 130 அளவில் இருக்கும்.

```js
// பழையது: ஒரு திறப்புக்கு 1,840 ரீட்
onSnapshot(collection(db, "books"), showAll);

// புதியது: 1 + சுமார் 130
const cat = await getDoc(doc(db, "catalog", "v1"));
const out = await getDocs(query(
  collection(db, "books"), where("out", "==", true)));
if (out.metadata.fromCache) showQuotaNotice();
```

ஒரு திறப்புக்கு 131 ரீட் என்றால் ஒரு நாளைக்கு 381 திறப்புகள். அடுத்த ஞாயிறு 41 முறை திறக்கப்பட்டது, 5,400 ரீட்டுக்குள் முடிந்தது.

கடைசி வரிக்கு நான் தனி முக்கியத்துவம் தருகிறேன். `fromCache` உண்மை என்று வந்தால், கிடைத்த தரவு சர்வரிலிருந்து வரவில்லை என்று பொருள். நகலே இல்லாத கருவியில் அதற்கு முந்தைய `getDoc` வரியே, இணையம் நன்றாக இருக்கும்போதும், ஆஃப்லைனில் இருக்கிறீர்கள் என்ற பிழையோடு நின்றுவிடும். அதையும் பிடித்து இதே அறிவிப்புக்குத் திருப்பியிருக்கிறேன். இப்போது திரையில் “புத்தகங்கள் இல்லை” என்று வராது. “பட்டியல் இப்போது கிடைக்கவில்லை, தரவு பத்திரமாக இருக்கிறது” என்று வரும். அக்கா அன்று பயந்ததுபோல் இனி யாரும் பயப்படத் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டில் குறையும் உண்டு. புதிய புத்தகம் சேர்த்தால் அந்தப் பெரிய ஆவணத்தை மறுபடி கட்ட வேண்டும். அதற்கு எல்லாப் புத்தகங்களையும் ஒருமுறை படிக்க வேண்டும், அதாவது ஒரு அழுத்தலுக்கு 1,840 ரீட். அதனால் அந்தப் பொத்தான் மேசை மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது, வாரம் ஒருமுறை அக்கா அழுத்துவார். அதுவரை புதுப் புத்தகங்கள் பட்டியலில் தெரியாது. பட்டியலை வெறும் கோப்பாக, பக்கத்தை அனுப்பும் சேவையான ஹோஸ்டிங்கில் வைத்திருந்தால் ரீட்டே வேண்டாமே என்று கேட்கலாம். ஹோஸ்டிங்கின் இலவசத் தரவுப் பரிமாற்றம் ஒரு நாளைக்கு 360 எம்.பி. சுருக்காமல் அனுப்பினால் சுமார் ஆயிரம் திறப்பில் அதுவும் முடியும். எங்களுக்கு அது தாராளம்தான். ஆனால் ஒரு லிமிட்டிலிருந்து தப்பும்போது எந்த லிமிட்டுக்குள் போகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு, மற்ற இலவசச் சேவைகளில் அளவு எப்போது திரும்புகிறது என்றும் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. யூடியூப் ஏ.பி.ஐ.யின் தினசரி 10,000 அலகுகளும் பசிபிக் நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படுகின்றன. அதில் ஒரு தேடலுக்கே 100 அலகு என்பதால் நூறு தேடலில் தீர்ந்துவிடும். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வேறு வகை. சாதாரண ஜிமெயில் கணக்கில் அதன்மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் அந்த நாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை, முதல் அழைப்பிலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு. காலை 10 மணிக்கு அனுப்பத் தொடங்கியவர் மறுநாள் காலை 10 வரை காத்திருக்க வேண்டும். நள்ளிரவுக்காக விழித்திருந்து பயனில்லை.

நிரல் வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்றவை மாதக் கணக்கு. இலவசக் கணக்கின் தனிப்பட்ட களஞ்சியங்களுக்கு மாதம் 2,000 நிமிடம். அதை 20-ஆம் தேதியே தீர்த்துவிட்டால் அடுத்த சுற்றுவரை பொறுக்க வேண்டும், மறுநாள் காலை வந்துவிடும் என்று நம்பக் கூடாது. அதே கிட்ஹப்பின் ஏ.பி.ஐ.யோ மணிக்கணக்கு. உள்நுழையாமல் கேட்டால் மணிக்கு 60 முறை. இதில் எனக்குப் பிடித்தது, எப்போது திரும்பும் என்பதை அதுவே சொல்லிவிடும்:

```
curl -s https://api.github.com/rate_limit
```

பதிலில் வரும் `reset` என்ற எண், அளவு திரும்பும் நொடி. `date -d @1767254400` என்று கொடுத்தால் லினக்ஸ் அதை நம் நேரமாக மாற்றிக் காட்டும். இந்தக் கேள்வி அந்த 60-ல் சேராது என்பது இன்னும் நல்லது.

கடைசி வகைதான் பலரை ஏமாற்றுகிறது. கூகுள் கணக்கின் 15 ஜி.பி. இடம் போன்றவை எந்த நள்ளிரவிலும் திரும்புவதில்லை. அது நிறைந்தால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும், நாமாக எதையாவது அழிக்கும்வரை அப்படியேதான் இருக்கும். “நாளைக்குச் சரியாயிரும்” என்று காத்திருந்து முக்கியமான மின்னஞ்சலைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஃபயர்ஸ்டோரிலும் ரீட் தினமும் திரும்பும், ஆனால் 1 ஜி.பி. சேமிப்பிடம் திரும்பாது. ஆகவே பூட்டியிருப்பது எந்த அளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தவற்றை எண்ணும் அளவு என்றால் காத்திருக்கலாம், வைத்திருப்பதை எண்ணும் அளவு என்றால் காலி செய்ய வேண்டும்.

படிப்பக மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: “பட்டியல் வரவில்லை என்றால் நோட்டில் எழுதவும். மதியம் 1:30-க்கு வரும்.” மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து அவர்களின் நள்ளிரவு நமக்கு 12:30. இலங்கைக்கும் அதேதான், சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பிற்பகல் 3 மணி. நவம்பர் மாத முதலாம் ஞாயிறு வரை அப்படி இருக்கும். மார்ச்சில் நான் போனபோது அக்கா ஏற்கனவே 1:30-ஐ அடித்துவிட்டு மேலே 12:30 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.